ரீஸ்டார்ட் செய்தால் போனில் எது போகும், எது போகாது

"அண்ணா, என்னுடையது 4 ஜிபி ரேம் போன், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை மந்தமாகிவிடுகிறது. திறந்திருக்கும் ஆப்களை எல்லாம் மேலே தள்ளி மூடினாலும் சரியாவதில்லை, ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சரியாகிறது. ஏன்?"

நீங்கள் தள்ளி மூடுகிற ஆப்கள் போனில் ஓடுவதில் ஒரு பகுதிதான். உங்கள் கைக்கு எட்டாத சில புரோகிராம்கள், போன் ஆன் ஆன நொடியிலிருந்து ஆஃப் ஆகும்வரை ஒருமுறைகூட நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மந்தம் பெரும்பாலும் அங்கேதான் சேர்ந்திருக்கிறது.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போனில் இரண்டு வகை நினைவகம் உண்டு. படங்கள், வீடியோக்கள், ஆப்கள் எல்லாம் இருப்பது ஸ்டோரேஜ், மின்சாரம் போனாலும் அதில் இருப்பது அப்படியே இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கானது ரேம், மின்சாரம் நின்றால் அதில் இருப்பது காலி. ரீஸ்டார்ட் அழிப்பது இந்த இரண்டாவதைத்தான், அதையும் பாதி மீதி வைக்காமல் முழுக்க. அப்புறம், ரேமையும் மற்ற பாகங்களையும் எல்லாப் புரோகிராம்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் மையப் புரோகிராமான கெர்னல் முதல் உங்கள் கீபோர்டு வரை எல்லாம் ஸ்டோரேஜில் இருந்து புதிதாக ஏற்றப்படுகிறது.

ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டிய ரேமை கெர்னலிடம் கேட்டு வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வாடகைப் பாத்திரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விசேஷத்துக்கு நாற்பது தட்டு, இரண்டு அண்டா எடுத்தீர்கள், முப்பத்தெட்டு தட்டு திரும்பிப் போனது, இரண்டு எங்கோ பரணில் தங்கிவிட்டது. யாரும் திருடவில்லை, மறதிதான். ஆனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் இரண்டிரண்டு தங்கினால் ஒரு வருடத்தில் கடையில் பாதித் தட்டு இருக்காது. புரோகிராம் இப்படி வாங்கியதில் கொஞ்சத்தை விடாமல் வைத்துக்கொள்வதைத்தான் மெமரி லீக் என்கிறோம்.

சாதாரண ஆப்பில் இது நடந்தால் பெரிய கேடு இல்லை. அந்த ஆப் மூடப்பட்டதும் அது வாங்கியது, மறந்தது எல்லாவற்றையும் கெர்னல் கணக்குப் பார்த்து மொத்தமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வீட்டைக் காலி செய்யும்போது பரணையும் துடைத்து எடுப்பதுபோல. ஆனால் வீட்டைக் காலியே செய்யாத ஆள் ஒருவர் இருக்கிறார். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் `system_server`. எந்த ஆப் திரையில் நிற்கிறது, எந்த நோட்டிஃபிகேஷன் வந்தது, எந்த அலாரம் எத்தனை மணிக்கு, எந்த ஆப் லொக்கேஷன் கேட்டது என எல்லாக் கணக்கும் அந்த ஒரே புரோகிராமுக்குள்தான் இருக்கிறது. அது செத்தால் திரையே ஒருமுறை அணைந்து கம்பெனி லோகோவுக்குப் போய் வரும், ஆகவே அதை யாரும் மூட முடியாது. அது நாளுக்குச் சில எம்பி வீதம் பிடித்து வைத்தாலும், பிடித்தது பிடித்ததுதான், அடுத்த ரீஸ்டார்ட் வரை. கெர்னலுக்கு உள்ளேயே இருந்து கேமரா, திரை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர்களுக்கும் இதே கதிதான்.

சரி, அதனால் உங்களுக்கு ஏன் மந்தம்? 4 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கெர்னலும் மற்ற வன்பொருள் ஒதுக்கீடும் போக, சிஸ்டத்தின் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அதில் நிரந்தரவாசிகள் கூடுதலாக ஒரு அரை ஜிபி பிடித்துக்கொண்டால் ஆப்களுக்கான இடம் சுருங்குகிறது. ரேம் நெருக்கடி வந்ததும் போன் முதலில் நீங்கள் தொடாத பகுதிகளைச் சுருக்கி மடித்து ரேமின் ஒரு மூலையிலேயே அடுக்கி வைக்கும், வேண்டும்போது திரும்பப் பிரிக்கும். அதன் பெயர் `zram`. மடிப்பதும் பிரிப்பதும் பிராசஸருக்கு வேலை, அதனால் சூடும் பேட்டரிச் செலவும். அதற்கும் மேல் போனால் `lmkd` என்ற காவலாள் வந்து, இப்போதைக்குத் தேவையில்லை என்று தோன்றும் ஆப்களை ஒவ்வொன்றாக நிறுத்துவான். அது முற்றினால் ஹோம் ஸ்கிரீனே நிறுத்தப்படும். நீங்கள் ஒரு ஆப்பில் இருந்து வெளியே வந்ததும் ஐகான்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து உட்காருகின்றனவே, அது இதுதான். பிரவுசரில் படித்துக்கொண்டிருந்த பக்கம், வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பியதும் முதலில் இருந்து லோடு ஆவதும் இதுதான்.

ஆப்களைத் தள்ளி மூடினால் இதில் ஒரு பைசாவும் மிச்சமாவதில்லை. நீங்கள் மூடாவிட்டாலும் தேவைப்படும்போது `lmkd` அவற்றை நிறுத்தித்தான் இருக்கும். மூடியதால், அடுத்தமுறை அந்த ஆப் ஸ்டோரேஜில் இருந்து முழுவதும் ஏறிவர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஆப் உறைந்து நிற்கிறது என்றால் அதை மட்டும் மூடுங்கள், அது சரி. எல்லாவற்றையும் மணிக்கு ஒருமுறை துடைக்கும் பழக்கம் போனை இன்னும் மெதுவாக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ரேம் மொத்தமாகக் காலி இருந்தும் வேலை தடைபடலாம். கல்யாணப் பந்தியில் இருபது இலை காலியாக இருக்கிறது, ஆனால் இங்கே ஒன்று அங்கே ஒன்று. பத்துப் பேர் உள்ள குடும்பம் ஒன்று வந்து நாங்கள் சேர்ந்துதான் உட்காருவோம் என்றால், இருபது காலி இருந்தும் இடமில்லை. கெர்னல் ரேமைப் பெரும்பாலான போன்களில் 4 கேபி துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. நாள்கணக்கில் ஆயிரம் புரோகிராம்கள் வாங்கிக் கொடுத்து வாங்கியதில் காலித் துண்டுகள் சிதறிப்போகும். கேமரா டிரைவர்போலச் சில மட்டும் அடுத்தடுத்து ஒட்டிய துண்டுகளாகக் கேட்கும். அப்போது கெர்னல் உட்கார்ந்திருப்பவர்களை நகர்த்தி இடம் ஒழுங்குசெய்ய வேண்டும், அந்த நேரம்தான் நீங்கள் கேமராவைத் தொட்டபிறகு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடி. எல்லாக் கேமரா தாமதத்துக்கும் இது காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரீஸ்டார்ட் செய்த அன்று உடனே திறந்து, பத்து நாளில் மெதுவாகிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். ரீஸ்டார்ட்டில் பந்தி முழுவதும் எழுந்துபோய்ப் புது இலை விழுகிறது.

"இவ்வளவு பெரிய கம்பெனிகள், இத்தனை வருடமாகியும் இதைச் சரிசெய்யவில்லையா?"

நிறையச் சரிசெய்திருக்கிறார்கள், அதனால்தான் இன்று பலரின் போன் ஒரு மாதம் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் நீண்ட நேரம் நிற்காமல் ஓடும் எந்த மென்பொருளும் மெல்ல மெல்லக் கெடும் என்பது கணினித்துறையில் நன்கு தெரிந்த விஷயம். 1995-இல் ஏடி அண்டு டி பெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கு முறையான கணக்கு போட்டு ஒரு கட்டுரையே எழுதினார்கள். கெட்டு விழும்வரை காத்திருப்பதைவிட, நாமே நமக்குத் தோதான நேரத்தில் நிறுத்தி மறுபடி தொடங்குவது எப்போது லாபம் என்பதுதான் அதன் பொருள். போனுக்கும் அதே நியாயம்.

விமானத்துக்கே இது நடந்திருக்கிறது. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 பற்றி ஒரு உத்தரவு போட்டது. அதன் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்குள் ஒரு எண்ணி இருந்தது, மின்சாரம் நிற்காமல் 248 நாள் ஓடினால் அது நிரம்பி வழிந்து, ஜெனரேட்டர்கள் தாமாகவே அணைந்துபோகலாம். மென்பொருள் திருத்தப்படும்வரை சொன்ன தீர்வு, அதற்கு முன்பே மின்சாரத்தை ஒருமுறை முழுவதும் நிறுத்தி ஆன் செய்வது. 248 நாள் நிற்காமல் ஓட்டிச் சோதனை செய்து பார்க்காத எந்தப் பொருளிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்க இடம் உண்டு. போனில் அந்தச் சிக்கல் கூடுதல், ஏனென்றால் நீங்கள் நிறுவும் நூறு ஆப்களோடு சேர்த்து எந்தக் கம்பெனியும் அதைச் சோதித்திருக்க முடியாது.

"என் போனில் இருப்பது இந்தப் பிரச்சினைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

முதலில் போன் எத்தனை நாளாக ஓடுகிறது என்று பாருங்கள். Settings → About phone → Status பக்கத்தில் Up time என்று இருக்கும், சில போன்களில் வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கும், மேலே தேடும் பெட்டியில் அதே பெயரைப் போட்டால் வந்துவிடும். மந்தம் தெரியும்போதெல்லாம் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் வேகம் திரும்பி, மறுபடி ஏறக்குறைய அதே நாள்கணக்கில் மந்தம் வந்தால் சேர்மானம்தான் காரணம். ரீஸ்டார்ட் செய்த ஒரு மணி நேரத்திலேயே பழையபடி மந்தம் என்றால் காரணம் வேறு, பெரும்பாலும் ஸ்டோரேஜ் நிறைந்திருக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரீஸ்டார்ட் ஆன முதல் ஐந்து பத்து நிமிடத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் போன் வழக்கத்தைவிட மெதுவாகவும் சூடாகவும்கூட இருக்கும். போன் எழுந்துவிட்டது என்ற தகவல் அதைக் கேட்டு வைத்திருக்கும் ஆப்களுக்கெல்லாம் போகிறது, பத்துப் பதினைந்து ஆப்கள் அடுத்தடுத்து எழுந்து, விட்டுப்போன மெசேஜ்களை இறக்குகின்றன. அது அடங்கியபிறகு பாருங்கள்.

நான் இதை ஒருமுறை எண்களோடு பார்த்த கதையைச் சொல்கிறேன். என் மச்சான் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் ஒரு பழைய 4 ஜிபி போன் எப்போதும் சார்ஜில் கிடக்கும், யுபிஐயில் பணம் வந்தால் தொகையைச் சத்தமாகச் சொல்வது அதன் வேலை. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அது வாயை மூடிக்கொள்ளும். வாடிக்கையாளர் அனுப்பிவிட்டேன் என்பார், இங்கே சத்தம் வராது, சந்தைநாள் கூட்டத்தில் பெரிய சங்கடம். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். நான் போனபோது Up time 12 நாளைத் தொட்டிருந்தது. adb என்ற கருவி உள்ள என் லேப்டாப்பில் கேபிளை மாட்டி இரண்டு கட்டளை கொடுத்தேன்:

```
adb shell uptime
adb shell dumpsys meminfo
```

இதற்கு About phone பக்கத்தில் Build number என்பதை ஏழுமுறை தட்டி, வருகிற Developer options-இல் USB debugging-ஐ ஆன் செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்துவிட வேண்டும். இரண்டாவது கட்டளை எந்தப் புரோகிராம் எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று பெரியதில் இருந்து வரிசையாகக் காட்டும். நான் மேலே சொன்ன `system_server` அந்தப் பட்டியலில் வெறும் `system` என்ற பெயரில் வரும். அது அன்று ஏறக்குறைய 740 எம்பி பிடித்திருந்தது. ரீஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290.

வித்தியாசம் 450 எம்பி, 12 நாளில். அதாவது நாளுக்கு 37 எம்பிக்கு மேல். சத்தம் ஏன் நின்றது என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. ரேம் நெருக்கடியில் பேமென்ட் ஆப்பும் நிறுத்தப்பட்டிருக்கிறது, நோட்டிஃபிகேஷன் வந்தாலும் அதை வாங்கிப் பேச ஆள் இல்லை. ஆனால் நாளுக்கு 37 எம்பி என்பது சாதாரணச் சேர்மானம் இல்லை, ஏதோ ஒன்று தூண்டிவிடுகிறது. மச்சானை அடுத்த மூன்று நாளும் இரவு கடை மூடும்போது அதே கட்டளையைக் கொடுத்து அனுப்பச் சொன்னேன்: 325, 365, 400. சீராக ஏறுகிறது.

இந்த மாதிரி நேரத்தில் வழக்கமான வழி சேஃப் மோடில் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது. பல போன்களில் பவர் மெனுவில் இருக்கும் Power off பட்டனை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும், நீங்கள் நிறுவிய ஆப் எதுவும் அதில் ஓடாது. அப்போது எண் ஏறாவிட்டால் குற்றவாளி ஒரு ஆப். ஆனால் கடைக்கு பேமென்ட் ஆப் இல்லாமல் இரண்டு நாள் முடியாது, அதனால் சந்தேகத்தின்பேரில் ஒவ்வொன்றாக எடுத்தோம். முதலில் எடுத்தது, நெட் வேகத்தை மேலே ஓரத்தில் காட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஆப், அவர் பையன் போட்டது. நொடிக்கு ஒருமுறை தன் நோட்டிஃபிகேஷனை மாற்றுகிறது, ஒரு நாளைக்கு 86,400 தடவை. ஒவ்வொரு மாற்றமும் `system_server` வழியாகத்தான் போகும், அந்தப் போனின் சிஸ்டம் ஒவ்வொருமுறையும் ஒரு துளி ரேமைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தது. அந்த ஆப்பை எடுத்து ரீஸ்டார்ட் செய்தபிறகு நான்கு நாள் கழித்தும் எண் 305-ஐத் தாண்டவில்லை. இப்போது மாதம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்கிறார், போதுமாக இருக்கிறது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், ரீஸ்டார்ட் அந்த 450 எம்பியை எடுத்தது, ஓட்டையை அடைக்கவில்லை. வாரம் ஒருமுறை தேவைப்பட்டால் அது இயல்பு, செய்துவிட்டுப் போகலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்பட்டால் எதையோ தேட வேண்டும். லேப்டாப் இல்லையென்றால் Developer options-க்கு உள்ளேயே Running services, Memory என்ற பகுதிகள் பல போன்களில் இருக்கின்றன, அவ்வளவு துல்லியம் இல்லாவிட்டாலும் தினம் ஒருமுறை பார்த்தால் எது ஏறுகிறது என்று பிடிபடும்.

"சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, நெட்டும் வருகிறது, ஆனால் கூப்பிடுகிறவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று சொல்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. இதுவும் ரேம்தானா?"

இது வேறு இடம். உங்கள் போனுக்குள் மோடம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது, அதற்குத் தனி பிராசஸர், தனி மென்பொருள். டவரோடு பேசுவது முழுக்க அதுதான். இன்றைய 4ஜி போன்களில் நெட் ஒரு பதிவு, குரல் அழைப்பு இன்னொரு பதிவு. நெட்டுக்கான பதிவு நன்றாக இருந்து, வோல்ட்இ அழைப்புக்கான பதிவு மட்டும் டவர் மாறும்போது அறுந்து, அறுந்தது போனுக்குத் தெரியாமலே இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். கோடுகள் டவரின் பலத்தைக் காட்டுகின்றன, உங்கள் அழைப்புப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை.

முதலில் ஏர்பிளேன் மோடைப் போட்டு பதினைந்து இருபது நொடி விட்டு எடுங்கள். டவரில் இருந்து விலகி எல்லாப் பதிவும் புதிதாக நடக்கும், பெரும்பாலும் அதுவே போதும். அதில் சரியாகவில்லை, ரீஸ்டார்ட்டில்தான் சரியாகிறது என்றால், மோடத்தின் மென்பொருளே எங்கோ சிக்கியிருந்தது என்று பொருள், அது புதிதாக ஏற்றப்படுவது ரீஸ்டார்ட்டில்தான். வைஃபை, புளூடூத் சிப்களும் இப்படித்தான். ஏற்கெனவே இணைந்த இயர்போன் திடீரென இணைய மறுத்தால், அதை அழித்துத் திரும்பச் சேர்க்கும் முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தும் அழைப்பு வரவில்லை என்றால் சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள், அப்போது சிம்மா போனா என்று பிரிந்துவிடும்.

"ரீஸ்டார்ட் செய்தால் கேஷ் எல்லாம் அழிந்துவிடும், வைரஸும் போய்விடும் என்கிறார்களே?"

கேஷ் என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள் கலந்துவிட்டது. ரேமில் இருக்கும் தற்காலிகச் சேமிப்பு போகும். ஆனால் Settings-இல் ஒவ்வொரு ஆப்புக்கும் Clear cache என்று இருக்கிறதே, அது ஸ்டோரேஜில் இருக்கும் ஃபைல்கள், அவற்றை ரீஸ்டார்ட் தொடாது. வாட்ஸ்அப்பில் குவிந்த வாழ்த்துப் படங்களும் அப்படியே இருக்கும். 64 ஜிபி ஸ்டோரேஜில் 62 நிரம்பிவிட்டால் போன் எழுதுவதற்குக் காலி இடம் தேடியே திணறும், அந்த மந்தத்துக்கு ரீஸ்டார்ட் பலன் தராது, பத்து ஜிபியாவது காலி செய்தால்தான் தெரியும். பேட்டரி தேய்மானமும் அப்படித்தான். ரீஸ்டார்ட் ஆனதும் பேட்டரி நன்றாக நிற்பதுபோல் தெரிந்தால், பின்னணியில் ஏதோ ஒன்று நிற்காமல் ஓடி அதைத் தின்றுகொண்டிருந்தது என்றுதான் பொருள்.

தீய மென்பொருள் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஏமாந்து நிறுவிய ஒரு கெட்ட ஆப் ரீஸ்டார்ட்டில் போகாது, போன் எழுந்ததும் அதுவும் எழும். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்கள் இந்த ரகம், அவற்றைத் தேடி அன்இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும். ஆனால் எந்த ஆப்பும் நிறுவாமல், ஒரு ஓட்டை வழியே புகுந்து ரேமில் மட்டும் குடியிருக்கும் உளவு மென்பொருள்கள் உண்டு, அவை ரீஸ்டார்ட்டில் அழியும். அமெரிக்க அரசின் உளவு அமைப்பான என்எஸ்ஏ 2020-இல் வெளியிட்ட மொபைல் பாதுகாப்புக் குறிப்பில் வாரம் ஒருமுறை போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னது இதனால்தான். புகுந்த ஓட்டை திறந்தே இருந்தால் மறுபடி புகலாம், ஆகவே அப்டேட்டும் வேண்டும்.

இதைவிடப் பெரிய பலன் ஒன்று, பலருக்குத் தெரியாதது. உங்கள் போனில் இருப்பதெல்லாம் பூட்டி எழுதப்பட்டது, அதன் சாவி உங்கள் பின் நம்பரோடு பிணைந்தது. ஆன் செய்து முதல்முறை பின் போட்டதும் அந்தச் சாவி ரேமுக்கு வந்துவிடுகிறது, அப்புறம் நீங்கள் திரையை லாக் செய்தாலும் அது அங்கேயே இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் அழிகிறது. எழுந்ததும் கைரேகையை ஏற்காமல் பின் கேட்பது இதனால்தான். திருடுபோன போனில் இருப்பதை எடுப்பது இந்த நிலையில் மிகக் கடினம், அதனால் 2024-இல் ஐபோனும் 2025-இல் ஆண்ட்ராய்டும், மூன்று நாள் யாரும் திறக்காமல் கிடந்தால் போன் தானே ரீஸ்டார்ட் ஆகும் வசதியைக் கொண்டுவந்தன.

"அப்படியானால் தினமும் இரவு தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிடலாமா?"

தினமும் வேண்டாம். 4 ஜிபி போனுக்கு வாரம் ஒருமுறை போதும், 8 ஜிபிக்கு மேல் என்றால் தொந்தரவு தெரியும்போது செய்தால்கூடச் சரிதான். தானாக ஆகும்படி வைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை. நினைவூட்ட ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தேன், நன்றாக வேலை செய்தது. போன் மந்தமாகிறது என்றதும் அதிகாலை மூன்று மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி நானே வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ரீஸ்டார்ட் ஆகும் நாள்களில் மாத்திரை மணி அடிப்பதே இல்லை, அம்மா மறந்துவிட்ட நாளும் உண்டு. எனக்கு மனசு ஆறவே இல்லை.

நடந்தது இதுதான். ஆண்ட்ராய்டில் ஆப்கள் வைக்கும் அலாரங்கள் எல்லாம் அந்த `system_server`-இன் ரேமில்தான் இருக்கின்றன, ரீஸ்டார்ட்டில் அவையும் அழிந்துவிடும். போன் எழுந்ததும் ஒவ்வொரு ஆப்பும் தன் அலாரத்தைத் திரும்ப வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் போன் லாக்கிலேயே இருந்தால், யாரும் பின் போடும்வரை பெரும்பாலான ஆப்களுக்குத் தங்கள் தகவலைப் படிக்கச் சாவி இல்லை, அவை எழுவதே இல்லை. போனோடு வரும் கடிகார ஆப் இந்த நிலையிலும் அடிக்கும்படி எழுதப்பட்டிருக்கும், பிளே ஸ்டோரில் இருந்து இறக்கிய நினைவூட்டல் ஆப் பெரும்பாலும் அப்படி இருக்காது. சில கம்பெனிகளின் போன்களில் Autostart என்று தனி அனுமதி வேறு உண்டு, அது இல்லாவிட்டால் பின் போட்டபிறகும் அந்த ஆப் எழாது.

அதே நிலையில் இன்னும் சில நடக்கும். அழைப்பு வரும், ஆனால் பெயர் வராது, வெறும் நம்பர்தான், ஏனென்றால் தொடர்புப் பட்டியலும் பூட்டுக்குள் இருக்கிறது. வாட்ஸ்அப் மெசேஜ் எதுவும் வராது. சிம்முக்குத் தனியாகப் பின் வைத்திருந்தால் அழைப்பே வராது, வீட்டில் யாராவது இரவில் அவசரத்துக்குக் கூப்பிட்டாலும் கிடைக்காது.

அதனால் நான் இப்போது அம்மாவின் போனில் தானாக ஆவதை எடுத்துவிட்டு, மாத்திரை மணியைப் போனோடு வந்த கடிகாரத்துக்கே மாற்றிவிட்டேன். ஞாயிறு காலை காபி குடிக்கும் நேரத்தில் அவரே ரீஸ்டார்ட் செய்து, எழுந்ததும் பின் போட்டு, ஒருமுறை வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கிறார். உங்கள் போனிலும் கையாலேயே செய்யுங்கள், பவர் மெனுவில் Restart கொடுத்தாலும், ஆஃப் செய்து ஆன் செய்தாலும் ஒன்றுதான். பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்துக் கட்டாயமாக அணைப்பது திரை உறைந்து எதுவுமே செய்ய முடியாதபோது மட்டும், ஏனென்றால் அப்போது ஆப்கள் எழுதிக்கொண்டிருந்ததை முடிக்க நேரம் கிடைப்பதில்லை, பாதி டைப் செய்த குறிப்போ அப்போதுதான் எடுத்த வீடியோவோ போய்விடலாம். உங்கள் பத்து நாள் கணக்கு ஐந்து, மூன்று என்று குறைந்துகொண்டே வந்தால், அதற்குச் சற்று முன் என்ன ஆப் புதிதாகப் போட்டீர்கள் என்று பார்த்து எழுதுங்கள், சேர்ந்து தேடலாம்.